சராசரி எங்கே நடக்கிறது? பத்து பிட் மாற்றியும் பதினாறு பிட் மாற்றியும்

பட்டுப்புழு வளர்ப்பு மனையின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்ய ஒரு டேட்டா லாகர் வேண்டும். இளம்புழுக்களுக்கு 27, 28 டிகிரி வேண்டும். வளர்ந்த புழுக்களுக்கு 24, 25 போதும். எனவே லாகர் தர வேண்டியது வெறும் எண் மட்டும் அல்ல. ஜன்னலைத் திறந்ததும் வெப்பநிலை இறங்கத் தொடங்கியதா, சாக்கை நனைத்துத் தொங்கவிட்டதில் அரை டிகிரியாவது குறைந்ததா என்பதும் தெரிய வேண்டும். உணர்வி எல்எம்35. ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும், 25.3 டிகிரியில் அதன் வெளியீடு 253 மில்லிவோல்ட். இந்த மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற இரண்டு வழிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, ஆர்டுயினோ உனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பின் சொந்தப் பத்து பிட் மாற்றி, அதோடு சராசரி. மற்றொன்று, சில நூறு ரூபாய்க்குத் தனிப் பலகையாகக் கிடைக்கும் ஏடிஎஸ்1115 என்ற பதினாறு பிட் மாற்றி.

பத்து பிட் என்றால் 1024 படிகள். உனோவில் எதையும் மாற்றாமல் விட்டால் ஒப்பு மின்னழுத்தம் 5 வோல்ட். அதை 1024-ஆல் வகுத்தால் ஒரு படி 4.88 மில்லிவோல்ட், எல்எம்35 கணக்கில் ஏறத்தாழ அரை டிகிரி. 253 மில்லிவோல்ட் என்பது 51.81 படிகள். மாற்றிக்குப் பின்னம் தெரியாது. அருகில் உள்ள முழு எண்ணான 52-ஐக் கொடுக்கும். அதைத் திருப்பிக் கணக்கிட்டால் 25.39 டிகிரி. உண்மைக்கும் இதற்கும் உள்ள 0.09 டிகிரி வித்தியாசம்தான் படியாக்கப் பிழை. எண் சிறியதுதான், ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 52 என்ற குறியீடு 251.5 மில்லிவோல்ட்டிலிருந்து 256.3 மில்லிவோல்ட் வரை எல்லாவற்றுக்கும் பொதுவானது. மனை 25.2 டிகிரியிலிருந்து 25.6 டிகிரிக்கு ஒரு மணி நேரமாக மெல்ல ஏறினாலும் பதிவேட்டில் அறுபது வரிகளும் 25.39 என்றே இருக்கும். அதன்பின் ஒரே நிமிடத்தில் 25.88-க்குத் தாவும். அந்த வரைபடத்தைப் பார்ப்பவர் ஒரு மணி நேரம் எதுவுமே நடக்கவில்லை, பிறகு திடீரென்று யாரோ எதையோ செய்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். இரண்டுமே பொய்.

ஏடிஎஸ்1115 இதே 253 மில்லிவோல்ட்டை எப்படிப் பார்க்கிறது? அதன் 2.048 வோல்ட் வீச்சில் ஒரு படி 62.5 மைக்ரோவோல்ட். வீச்சு எதிர்மறைப் பக்கமும் உண்டு என்பதால், தரையோடு ஒப்பிட்டு அளக்கும்போது பாதிப் படிகள்தான் பயன்படும். பதினாறு பிட் என்று வாங்கியது நடைமுறையில் பதினைந்து பிட்தான். இருந்தாலும் குறை இல்லை. 253 மில்லிவோல்ட் சரியாக 4048 படிகள். ஒரு படி 0.006 டிகிரி. ஒரு மணி நேர மெல்லிய ஏற்றம் இதில் ஏற்றமாகவே தெரியும். இங்கே படியாக்கப் பிழையைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை.

இந்த அளவில் நிறுத்தினால் பதினாறு பிட் வென்றது என்று முடித்துவிடலாம். ஆனால் பத்து பிட் மாற்றியிடம் ஒரு வழி இருக்கிறது. அது எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்பதுதான் இந்த ஒப்பீட்டின் உள்ளடக்கம்.

ஒரே நிமிடத்தில் ஒரு அளவீட்டுக்குப் பதில் 256 அளவீடுகளை எடுத்துக் கூட்டிச் சராசரி காண்போம். உணர்வியிலிருந்து வரும் மின்னழுத்தம் ஆடாமல் அசையாமல் இருந்தால் என்ன ஆகும்? 256 முறையும் 52 வரும். சராசரி 52.00. பத்தாயிரம் முறை எடுத்தாலும் 52.00-தான். அதே 25.39 டிகிரி, அதே 0.09 பிழை. சராசரிக்குப் பிரிதிறனை உண்டாக்கும் சக்தி தானாகக் கிடையாது. நிறையப் பேர் நிரலில் ஒரு சுற்றைப் போட்டுவிட்டு இதைச் சரிபார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது அதே மின்னழுத்தத்தின் மேல் சிறிது தற்செயல் இரைச்சல் ஏறியிருக்கிறது என்று கொள்வோம். அதன் திட்ட விலக்கம் அரைப் படி, அதாவது 2.4 மில்லிவோல்ட். இப்போது 51.81 என்ற இடத்தைச் சுற்றி மின்னழுத்தம் துள்ளிக்கொண்டே இருக்கும். சில நேரம் 51.5-க்குக் கீழே போய் 51 என்று பதிவாகும், சில நேரம் 52.5-ஐத் தாண்டி 53 ஆகும். இயல்நிலைப் பரவலைக் கொண்டு கணக்கிட்டால் 256 அளவீடுகளில் ஏறத்தாழ 166 முறை 52, 67 முறை 51, 22 முறை 53, ஒருமுறை 50 வரும். கூட்டினால் 13265. 256-ஆல் வகுத்தால் 51.816. மின்னழுத்தமாக 253.0 மில்லிவோல்ட், வெப்பநிலையாக 25.30 டிகிரி. மாற்றிக்குத் தெரியாத பின்னத்தை 51-களும் 53-களும் எத்தனை முறை வந்தன என்ற விகிதம் சொல்லிக்கொடுத்துவிட்டது. இதில் எஞ்சும் நிச்சயமின்மை 0.02 டிகிரிக்குள். அரை டிகிரிப் படியை வைத்துக்கொண்டு எட்டிய துல்லியம் இது. நம்ப முடியாததுபோல் இருந்தாலும் இதில் மறைபொருள் ஏதும் இல்லை, எண்ணிக்கைக் கணக்குதான்.

பொது விதி இது: அளவீடுகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால் தற்செயல் இரைச்சல் பாதியாகும், அதாவது ஒரு பிட் கூடும். 256 என்பது நான்கின் நான்காம் அடுக்கு, ஆகவே நான்கு பிட். நிபந்தனை இரண்டு: இரைச்சல் குறைந்தது அரைப் படி அளவுக்காவது இருக்க வேண்டும், ஒன்றோடொன்று தொடர்பில்லாததாக இருக்க வேண்டும். இரைச்சல் ஒரு படியின் இருபதில் ஒரு பங்கு மட்டும் இருந்தால் மேலே சொன்ன 51.81-இல் ஒரு அளவீடுகூட எல்லையைத் தாண்டாது. நாம் திரும்பவும் 52.00-இல் நிற்போம். இரைச்சல் குறைவாக இருப்பது நல்லது என்று பழகிய மனதுக்கு இதை ஏற்றுக்கொள்வது சற்றுக் கடினம். மிக அமைதியான சுற்று பத்து பிட் மாற்றிக்குக் கேடு.

இந்த உண்மையைத் தெரிந்தே பயன்படுத்தியவர்கள் உண்டு. 1962-இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ், பிற்காலத்தில் ஆர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கியதற்காக அறியப்பட்ட அதே ராபர்ட்ஸ், படங்களைச் சில பிட்களில் அனுப்புவதற்காக, படியாக்குவதற்கு முன் போலித் தற்செயல் இரைச்சலைச் சேர்த்து, பெறும் இடத்தில் அதே இரைச்சலைக் கழிக்கும் முறையை வெளியிட்டார். இரைச்சல் இல்லாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகப் படிகள் தெரியும். சேர்த்தால் அவை கரைந்துவிடும். புழு மனையின் வரைபடத்தில் தெரிந்த பொய்ப் படிகளும் அந்தப் பட்டைகளும் ஒரே நோய்.

அதே 1962-இல் ஜப்பானில் இனோசே, யசுதா, முராகாமி மூவரும் டெல்டா-சிக்மா பண்பேற்றம் என்ற முறையை விவரித்தார்கள். ஏடிஎஸ்1115-இன் உள்ளே இருப்பது அதன் வழித்தோன்றல்தான். இங்கேதான் இந்த இரண்டு மாற்றிகளையும் எதிரெதிர் என்று பார்ப்பது தவறு என்பது புரிகிறது. ஏடிஎஸ்1115-க்குள் பதினாறு பிட் நுணுக்கத்தோடு அளக்கும் உறுப்பு எதுவும் இல்லை. நொடிக்கு 250,000 முறை மிகக் கரடுமுரடாக அளந்து, அந்த அளவீடுகளைச் சேர்த்து வடிகட்டித்தான் ஒரு பதினாறு பிட் எண்ணைத் தருகிறது. நொடிக்கு எட்டு என்ற மிக மெதுவான வேகத்தில் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட கரட்டு அளவீடுகள் இருக்கின்றன. ஆக, இரண்டும் சராசரிதான். ஒன்றில் நாம் நிரலில் செய்கிறோம், மற்றொன்றில் சிப் தனக்குள் செய்துவிடுகிறது.

வித்தியாசம், துள்ளல் எங்கிருந்து வருகிறது என்பதில். பத்து பிட் மாற்றிக்கு அது வெளியிலிருந்து வர வேண்டும்: உணர்வியின் இரைச்சல், கம்பி பிடித்த இரைச்சல், மின்வழங்கியின் இரைச்சல், எது கிடைக்கிறதோ அது. கிடைக்காவிட்டால் சராசரி வீண். டெல்டா-சிக்மா மாற்றியில் ஒவ்வொரு கரட்டு அளவீட்டின் பிழையும் பின்னூட்டமாகத் திரும்பி அடுத்த அளவீட்டோடு சேர்கிறது. அதனால் உள்ளீடு எவ்வளவு அமைதியாக இருந்தாலும் உள்ளே துள்ளல் நிற்பதில்லை. அந்தத் துள்ளலும் பெரும்பாலும் உயர் அதிர்வெண்ணுக்குத் தள்ளப்பட்டு வடிகட்டியில் கழிந்துவிடுகிறது. அதனால்தான் நாம் நான்கு பிட்டுக்குப் பாடுபடும்போது அது தயக்கமில்லாமல் பதினாறைத் தருகிறது.

நிரலில் நாமே சராசரி எடுக்கும்போது நம் கையில் இருக்கும் ஒரு கட்டுப்பாடு அந்தச் சிப்பில் இல்லை. அது நேரம். நீளமான கம்பியில் தொங்கும் உணர்வி வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஓசையைப் பிடிக்கும். இது தற்செயல் இரைச்சல் அல்ல. சீராக ஏறி இறங்கும் அலை. எத்தனை அளவீடு எடுத்தோம் என்பதைவிட எவ்வளவு நேரத்தில் எடுத்தோம் என்பதே இதற்கு முக்கியம். அலையின் ஒரு சுழற்சி 20 மில்லிநொடி. முழுச் சுழற்சிகளை மூடினால் மேடும் பள்ளமும் சரிக்குச் சரியாகக் கழிந்துவிடும். உனோவில் `analogRead` ஒன்றுக்கு ஏறத்தாழ 112 மைக்ரோநொடி ஆகிறது. 256 அளவீடுகளை இடைவிடாமல் எடுத்தால் 28.7 மில்லிநொடி, அதாவது ஒன்றரைச் சுழற்சிக்குச் சற்றுக் குறைவு. கணக்கிட்டுப் பார்த்தால் ஓசையின் ஐந்தில் ஒரு பங்கு வரை சராசரியில் எஞ்சலாம். அதே 256 அளவீடுகளைச் சற்று இடைவெளி விட்டு 40 மில்லிநொடியில் பரப்பினால் இரண்டு முழுச் சுழற்சி ஆகிறது. ஓசை ஏறக்குறைய இல்லாமல் போகிறது.

```
const unsigned long GAP = 156;
unsigned long sum = 0;
unsigned long t = micros();
for (int i = 0; i < 256; i++) {
  while (micros() - t < GAP) {}
  t += GAP;
  sum += analogRead(A0);
}
float mV = sum / 256.0 * 5000.0 / 1024.0;
```

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. உனோவில் `int` 32767 வரைதான் தாங்கும். 256 அளவீடுகளின் கூட்டல் உயர்ந்த மின்னழுத்தத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடும் என்பதால் `unsigned long` கட்டாயம். குறைந்த மின்னழுத்தத்தில் சோதிக்கும்போது `int` ஒழுங்காக வேலை செய்வதுபோலவே இருக்கும், மின்னழுத்தம் ஏறும்போதுதான் எதிர்மறை எண் வந்து நிற்கும். இரண்டாவது, வகுத்தல். `256.0` என்பதற்குப் பதிலாக `256` என்று எழுதி முழு எண் வகுத்தல் செய்தால், இவ்வளவு உழைத்துப் பெற்ற பின்னம் அந்த ஒரு புள்ளியில் வெட்டுப்பட்டு 51 என்று வந்து நிற்கும். அது சராசரி எடுக்காத 52-ஐவிடவும் மோசம்.

ஏடிஎஸ்1115 நொடிக்கு எட்டு வேகத்தில் 125 மில்லிநொடி அளக்கிறது. அது ஆறேகால் சுழற்சி. ஓசை ஏறத்தாழ இருபத்தெட்டில் ஒரு பங்காகக் குறையும், முழுதாகப் போகாது. நான்கு அளவீடுகளைத் தொடர்ச்சியாகச் சேர்த்தால் அரை நொடி, சரியாக 25 சுழற்சி என்று காகிதத்தில் வரும். ஆனால் அந்தச் சிப்பின் உள் கடிகாரம் பத்து விழுக்காடு வரை முன்பின் ஆகலாம் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. எனவே 25 என்பதை நம்ப முடியாது. உனோவில் கடிகாரம் அதைவிடப் பலமடங்கு நிலையானது, நேரத்தைத் தீர்மானிப்பதும் நாம்தான். 50 ஹெர்ட்ஸ் ஓசை தலைவலியாக இருக்கும் இடத்தில் பத்து பிட் மாற்றிக்கு இது உண்மையான அனுகூலம். பதினாறு பிட் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஆனால் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. அதைச் சராசரி தொடவே முடியாது. உனோவின் 5 வோல்ட் என்பது யூஎஸ்பி வழியாகவோ மலிவான அடாப்டர் வழியாகவோ வருவது. அது 4.85 வோல்ட் மட்டுமே என்றால், 253 மில்லிவோல்ட் 53.4 படியாகிவிடும்; 5 வோல்ட் என்றே நிரல் கணக்கிடுவதால் 26.1 டிகிரி என்று எழுதும். 0.8 டிகிரி தவறு. 256 அளவீடுகளும் ஒரே பக்கம் தவறுவதால் சராசரி அந்தத் தவறையும் இரண்டு தசமம் வரை அழகாகத் தரும். எஸ்டி கார்டில் எழுதும் நேரத்தில் மின்னழுத்தம் சற்று இறங்கினால் வெப்பநிலை ஏறியதுபோல் ஒரு பொய்க் குன்றும் தோன்றும். ஏடிஎஸ்1115 தன் சொந்த ஒப்பு மின்னழுத்தத்தை வைத்திருக்கிறது. அதன் பெருக்கப் பிழை அதிகபட்சம் 0.15 விழுக்காடு, நம் கணக்கில் 0.04 டிகிரி. இந்தப் பயன்பாட்டில் ஏடிஎஸ்1115-ஐப் பரிந்துரைக்க எனக்குள்ள முதல் காரணம் பிட் எண்ணிக்கை அல்ல, இந்த ஒப்பு மின்னழுத்தம்தான்.

பத்து பிட் பக்கத்திலும் இதற்குப் பாதி மருந்து உண்டு. `analogReference(INTERNAL)` என்று எழுதினால் சிப்பின் உள்ளே உள்ள 1.1 வோல்ட் ஒப்புக்கு மாறும். எல்எம்35-க்கு அது 110 டிகிரி வரை போதும். ஒரு படி 4.88-இலிருந்து 1.07 மில்லிவோல்ட்டாக, அதாவது அரை டிகிரியிலிருந்து 0.11 டிகிரியாகச் சுருங்கும். ஒரு வரியில் ஏறத்தாழ இரண்டு பிட் கிடைக்கிறது. அதோடு அதே இரைச்சல் இப்போது படியோடு ஒப்பிட நான்கு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரிவதால் சராசரிக்கும் வழி பிறக்கிறது. மின்வழங்கியின் ஆட்டமும் போகிறது. ஆனால் அந்த 1.1 என்பது சிப்புக்குச் சிப் 1.0-க்கும் 1.2-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஆகவே ஏஆர்ஈஎஃப் முனையில் மல்டிமீட்டர் வைத்து ஒருமுறை அளந்து, அந்த எண்ணை நிரலில் போட வேண்டும். ஒப்பை மாற்றியதும் வரும் முதல் சில அளவீடுகளையும் தள்ளிவிட வேண்டும். மாற்றியின் சொந்த வளைவுப் பிழை இதற்கு மேலும் எஞ்சும். அதையும் சராசரி நீக்காது.

ஒரு இடத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. எல்எம்35-க்குப் பதில் 10 கிலோஓம் தெர்மிஸ்டரை, 10 கிலோஓம் தடையோடு தொடராக அதே 5 வோல்ட்டில் மாட்டினால், உனோ அளப்பது மின்னழுத்தத்தை அல்ல, விகிதத்தை. 5 வோல்ட் 4.85 ஆனாலும் பிரிப்பானும் ஒப்பும் சேர்ந்தே இறங்குவதால் விகிதம் மாறாது. அங்கே ஏடிஎஸ்1115-இன் நிலையான ஒப்புதான் குறை; அது மின்வழங்கியின் ஆட்டத்தை அப்படியே வெப்பநிலையாக எழுதிவிடும். அதைத் தவிர்க்க மின்வழங்கியையும் இன்னொரு உள்ளீட்டில் அளந்து வகுக்க வேண்டியிருக்கும். தெர்மிஸ்டர் என்றால் நான் தயங்காமல் உனோவின் மாற்றியையும் சராசரியையும் தேர்ந்தெடுப்பேன்.

எந்த வழி என்றாலும், தேர்வு செய்வதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. மனையில், உண்மையான கம்பியோடு, 256 மூல அளவீடுகளைச் சராசரி எடுக்காமல் அப்படியே திரையில் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே எண் என்றால் சராசரி எதையும் தராது. ஒப்பைக் குறைக்க வேண்டும் அல்லது மாற்றியை மாற்ற வேண்டும். இரண்டு மூன்று நான்கு எண்களில் ஒழுங்கின்றிச் சிதறினால் சராசரி ஒழுங்காக வேலை செய்யும். எண்கள் சீராக ஏறி இறங்கினால் அது 50 ஹெர்ட்ஸ். முதலில் நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். சில எண்கள் மட்டும் தொலைவில் தனித்து நின்றால் அது பம்ப் மோட்டார் ஓடத் தொடங்கியதாலோ கம்பி தளர்ந்ததாலோ வந்த குத்து. அதைச் சராசரியில் கலந்தால் மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்கு நடு எண்ணை எடுப்பதே சரி.

எல்எம்35-இன் தரம் உயர்ந்த வகையே 25 டிகிரியில் அரை டிகிரி வரை தவறலாம். ஆகவே 25.30 என்று எழுதும் லாகர் உண்மையில் சொல்வது 24.8-க்கும் 25.8-க்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று. மேலே பாடுபட்டுப் பெற்ற 0.02 டிகிரி, ஏற்ற இறக்கத்தைப் பார்க்கத்தான் பயன்படும்; மனையின் வெப்பநிலை இவ்வளவு என்று அறுதியிட்டுச் சொல்ல அல்ல. அதற்கு நம்பகமான ஒரு வெப்பமானியோடு ஒருமுறை ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதனால் கார்டில் வெப்பநிலையை மட்டும் எழுதாமல், 13265 என்ற மூலக் கூட்டலையும் ஒவ்வொரு வரியிலும் சேர்த்து எழுதுவது நல்லது. ஒப்பு மின்னழுத்தம் 5 அல்ல, 4.85 என்று பின்னால் தெரியவந்தால், அந்த எண்ணிலிருந்து 24.5 டிகிரி என்று பழைய பதிவு முழுவதையும் திருத்திக்கொள்ளலாம், 25.3 என்று மட்டும் எழுதி, எந்த ஒப்பைக் கொண்டு கணக்கிட்டோம் என்பதும் மறந்துபோயிருந்தால் திருத்த வழி இருக்காது.